காசு கட்டி வாங்கும் இன்டர்ன்ஷிப் வேண்டாம், கல்லூரியின் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பேசினார். மகன் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு, அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி. கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் போக வேண்டும். பையனுக்கு ஆசை திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை மேல். துறைத்தலைவரிடம் போய் அனுமதிக் கடிதம் கேட்டால், "முதல்ல அங்கேயிருந்து லெட்டர் வாங்கிட்டு வா" என்கிறார். பணிமனைக்குப் போய்க் கேட்டால், "காலேஜ் லெட்டர் இல்லாம பேசவே முடியாது" என்கிறார்கள். இதற்கிடையில் பெங்களூரில் இருக்கும் தாய்மாமா, "எதுக்கு இந்த அலைச்சல், டேட்டா சயின்ஸ் இன்டர்ன்ஷிப் ஒண்ணு இருக்கு, ஒரு மாசம் ஆன்லைன், 18,000 ரூபாய் கட்டினா சர்டிபிகேட் வந்துடும், காலேஜ் லெட்டரே தேவையில்லை" என்று சொல்லிவிட்டார். நகையை வைத்துக் கட்டிவிடட்டுமா என்பதுதான் அந்த அம்மாவின் கேள்வி.

கட்டாதீர்கள் அம்மா. பையன் மனசு எந்தப் பக்கம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். எஞ்சின் பக்கம் போகிற பிள்ளையை ஒரு மாதம் வீட்டில் உட்கார்த்தி வீடியோ பார்க்கவைத்து, அதற்கு வட்டியும் கட்டுவானேன்? டேட்டா சயின்ஸ் மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை, அதில் விருப்பம் இருந்தால் முறையாகப் படிக்கலாம். ஆனால் கல்லூரிக் கடிதமே கேட்காத இடம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். இயந்திரத்தின் பக்கத்தில் மாணவனை நிற்கவிடுகிற எந்த நிறுவனமும் அவன் யார், எந்தக் கல்லூரி, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்காமல் உள்ளே விடாது. கேட்கவே இல்லை என்றால் அங்கே அவன் வெறும் வாடிக்கையாளர். மாமாவிடம் நீங்களே பேசுங்கள், பையனைப் பேசவைக்காதீர்கள்.

இன்னொன்று. கடிதம் தருவதைத் துறைத்தலைவர் ஏதோ சலுகை போலப் பேசினால் தயங்க வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி மெக்கானிக்கல் பாடத்திட்டத்திலேயே, ஆறாம் பருவம் முடிந்த கோடை விடுமுறையில் இரண்டு வார இன்டர்ன்ஷிப் இருக்கிறது. ஏழாம் பருவத்தில் அதை மதிப்பிட்டு ஒரு கிரெடிட் தருவார்கள். அதாவது உங்கள் மகன் படிப்பின் ஒரு பகுதியைத்தான் செய்யக் கேட்கிறான். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் பாடத்திட்டம் வேறாக இருக்கும், அந்தப் பக்கத்தை முதலில் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

சரி, "நீ முதலில், நீ முதலில்" என்கிற இந்தச் சிக்கல் எங்கிருந்து வருகிறது? இரண்டு வேறு கடிதங்களை ஒரே கடிதம் என்று பையன் கேட்டிருக்கிறான், அதனால்தான். முதலாவது, வேண்டுகோள் கடிதம். "எங்கள் மாணவர் இவர், இந்தத் தேதிகளில் உங்களிடம் பயிற்சி பெற அனுமதியுங்கள்" என்று கல்லூரி முதல்வர் நிறுவனத்துக்கு எழுதுவது. இதற்கு எந்த ஆஃபர் லெட்டரும் வேண்டியதில்லை, இது போனால்தான் பதிலே வரும். இரண்டாவது, தடையில்லாச் சான்று, கல்லூரிகளில் எல்லோரும் என்.ஓ.சி. என்று சொல்வது. நிறுவனம் சரி என்று சொன்ன பிறகு, "இவர் அங்கே போவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, இந்த நாட்களில் வகுப்போ தேர்வோ இல்லை" என்று கல்லூரி உறுதி செய்வது. துறைத்தலைவர் நினைப்பது இரண்டாவதை, பணிமனை கேட்பது முதலாவதை. அதனால் "என்.ஓ.சி. வேண்டும் சார்" என்று போய் நிற்காமல், "பணிமனைக்கு ஒரு வேண்டுகோள் கடிதம் வேண்டும் சார், அவர்கள் பதில் வந்ததும் என்.ஓ.சி. தனியாகக் கேட்கிறேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். பல இடங்களில் பேச்சு இதோடு முடிந்துவிடும்.

கடிதத்தை அலுவலகமே தயாரிக்கும் என்று காத்திருக்கக் கூடாது. பையனே வரைவை டைப் செய்து, அச்சடித்த ஒரு தாளும் வேர்ட் கோப்பும் கையில் கொண்டுபோகட்டும். பெறுநர், முதன்மைப் பணிமனை மேலாளர், பொன்மலை, திருச்சிராப்பள்ளி 620004. பொருள் வரியில் இன்பிளான்ட் டிரெயினிங் என்று இருக்கட்டும், ரயில்வே போன்ற இடங்களில் மாணவர் பயிற்சிக்கு அந்தப் பெயர்தான் புழக்கம். உள்ளே மாணவர் பெயர் பதிவேட்டில் உள்ளபடியே, பதிவு எண், பாடப்பிரிவு, ஆண்டு, பருவம், தொடங்கும் தேதி, முடியும் தேதி, எந்தப் பிரிவில் பயிற்சி வேண்டும் என்பது. பிறகு முக்கியமான இரண்டு வாக்கியங்கள். மாணவரின் நடத்தைக்குக் கல்லூரி பொறுப்பு, பணிமனையின் பாதுகாப்பு விதிகளுக்கு அவர் கட்டுப்படுவார் என்பது ஒன்று. பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் பணிமனையிடம் இழப்பீடு கோரமாட்டோம் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வாக்கியம் இல்லாத கடிதங்கள் இப்படிப்பட்ட இடங்களில் திரும்பி வரும். அதே வாக்கியம்தான் முதல்வரையும் யோசிக்க வைக்கும், அதனால் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்றையும் பையனுக்கு விபத்துக் காப்பீடு இருந்தால் அதன் நகலையும் சேர்த்தே கொடுங்கள். கடைசியில் தேதி, கடித எண், முதல்வர் கையெழுத்து, கல்லூரி முத்திரை. கடித எண் இல்லாத தாளை அலுவலகங்கள் நம்புவதில்லை. துறைத்தலைவர் கையெழுத்து மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் தனியார் நிறுவனத்துக்கு அது போதலாம், ரயில்வேக்கு முதல்வர் கையெழுத்தாகவே வாங்குங்கள்.

பெரும்பாலும் தப்பு நடப்பது தேதியில்தான். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வழக்கமான தாள்கள் ஜூன் முதல் வாரத்தில் முடிகின்றன என்று வைத்துக்கொள்வோம். பையன் ஜூன் 4 முதல் என்று கடிதத்தில் எழுதிவிடுவான். ஆனால் அவனுக்கு ஐந்தாம் பருவத்தில் ஒரு அரியர் இருக்கிறது, அந்தத் தேர்வு ஜூன் 9. துறைத்தலைவர் இதைப் பார்த்ததும் கடிதத்தை ஓரமாக வைத்துவிடுவார், காரணமும் சொல்லமாட்டார். ஆகவே அரியர் உட்படக் கடைசித் தேர்வு என்றைக்கு என்று பார்த்து, தேர்வு தள்ளிப்போனாலும் தாங்குகிற மாதிரி சில நாள் இடைவெளி விட்டு, ஜூன் 15 திங்கள் தொடங்கி ஜூலை 10 வெள்ளி வரை என்று எழுதினால் நான்கு முழு வாரம் கிடைக்கும். பாடத்திட்டத்துக்கு இரண்டு வாரம் போதும், அந்த இரண்டு வாரம் முதலில் முடிந்துவிடும், கல்லூரி சீக்கிரம் திறந்துவிட்டால் மீதியை விட்டுவிட்டு வரலாம். தேர்வு அட்டவணை இன்னும் வரவில்லை என்றால், "தேர்வு அட்டவணைக்கு உட்பட்டு" என்ற சொற்களைத் தேதிக்குப் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். கையெழுத்துப் போடுகிறவருக்கு வருகைப்பதிவும் தேர்வும்தான் கவலை, பையன் எங்கே போகிறான் என்பது அடுத்ததுதான்.

இப்போது பொன்மலை பற்றி. பி.எச்.இ.எல்., இஸ்ரோ என்று எல்லோரும் ஓடுகிற இடங்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, அதைச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் இதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928இல் இங்கே வந்தது. டீசல் எஞ்சின், பெட்டி, சரக்கு வேகன் என்று பல வேலை ஒரே வளாகத்தில். நீலகிரி மலை ரயிலின் பல்சக்கர நீராவி எஞ்சின்களை இந்தக் காலத்திலும் புதிதாகக் கட்டிக் கொடுத்த இடம் இது. திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கி உலோகம் விரிசல் விடுவதை மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளை புத்தகத்தில் களைப்பு முறிவு என்று படிப்பான், அதையே இங்கே ஒரு சக்கர அச்சைக் கழற்றி வைத்து மீயொலிக் கருவியால் விரிசல் தேடும்போது கண்ணால் பார்ப்பான். தேய்ந்த சக்கரத்தை லேத்தில் ஏற்றி மறுபடி வடிவத்துக்குக் கொண்டுவருவதையும், எவ்வளவு தேய்ந்தால் தூக்கி எறிய வேண்டும் என்று அளவுகோலை வைத்து முடிவு செய்வதையும் பார்ப்பான். இதற்காகத்தான் கடிதத்தில் "ஏதாவது ஒரு பிரிவு" என்று விடாமல் சக்கரப் பிரிவு, பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் போகியைப் பழுதுபார்க்கும் பிரிவு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள் என்கிறேன். பெயர் சொல்லாவிட்டால் எல்லாப் பிரிவையும் சுற்றிக்காட்டி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை கிடைக்காது. பயிற்சிக்கு ஒரு கட்டணம் இருக்கும், அதை அலுவலகத்திலேயே கேட்டு, ரசீது வாங்கிக் கட்டுங்கள், இடையில் வரும் யாரிடமும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். புதுக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வரலாம், பாதுகாப்புக் காலணி ஒரு ஜோடி வாங்க வேண்டும். இது எல்லாம் சேர்ந்தாலும் அந்த 18,000 பக்கத்தில்கூட வராது. விண்ணப்பத்தை பிப்ரவரி, மார்ச்சிலேயே கொடுத்துவிடுங்கள், மே மாதம் போய் நின்றால் இடமே இருக்காது. கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள், அப்புறம் அதே நகலைக் காட்டித்தான் விசாரிக்க முடியும்.

அதற்குப் பிறகும் துறைத்தலைவர் மறுத்தால்? வாய்ப்பேச்சு வேண்டாம். பையன் முதல்வருக்கு ஒரு பக்க விண்ணப்பம் எழுதி, பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப் வரும் பக்கத்தின் நகல், தேர்வுத் தேதி, உங்கள் சம்மதக் கடிதம் மூன்றையும் இணைத்து, அலுவலகத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கட்டும். எழுத்தில் கேட்டதை மறுக்கத் தயங்குவார்கள் என்பதால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். கல்லூரியே தனக்குத் தெரிந்த பயிற்சி நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே பணம் கட்ட வேண்டும் என்று சொன்னால், அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். இதில் மட்டும் நீங்கள் இறங்கி வரவே கூடாது அம்மா, பையனின் மதிப்பெண்ணைச் சொல்லிப் பயமுறுத்தினாலும்.

ஒரே ஒரு குறுக்குவழியைத் தொடவே வேண்டாம். சில பையன்கள் சீனியரின் பழைய கடிதத்தை ஸ்கேன் செய்து பெயர் மாற்றி, ஜெராக்ஸ் கடையில் முத்திரையோடு அச்சடித்துக்கொள்கிறார்கள். கடித எண்ணைச் சொல்லி கல்லூரிக்கு ஒரு போன் போட்டாலே மாட்டிக்கொள்வார்கள், அப்புறம் போவது பயிற்சியோடு நிற்காது, ஒழுங்கு நடவடிக்கை வரை போகும்.

பணிமனையிலிருந்து அனுமதி வந்ததும் அதன் நகலோடு என்.ஓ.சி.யைக் கேளுங்கள், அதில் இருக்கும் தேதி பணிமனை கொடுத்த தேதியோடு ஒரு நாள்கூட மாறக் கூடாது. பயிற்சி நாட்களில் அன்றன்று பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி, பிரிவுப் பொறுப்பாளரிடம் வாரம் ஒரு கையெழுத்து வாங்கட்டும். ஏழாம் பருவத்தில் கிரெடிட் போடுகிற குழு முதலில் கேட்பது அந்த நோட்டையும் முடிவுச் சான்றிதழையும்தான்.