ஏழாம் நாள் சொட்டு போட்டும் குஞ்சுகள் செத்தது ஏன்?

கேள்வி: வீட்டில் 20 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். தாய்க்கோழிகளுக்குப் போன வருடம் றெக்கையில் கழிச்சல் ஊசி போட்டிருந்தேன். இந்த முறை பொரித்த 15 குஞ்சுகளுக்கும் ஏழாம் நாளில் கண்ணில் சொட்டு மருந்து விட்டேன். நன்றாகத்தான் வளர்ந்தன. 80 நாள் ஆனபோது வெள்ளைக்கழிச்சல் வந்து 11 செத்துவிட்டன. மருந்து போலியா? அடுத்த ஈட்டுக்கு எந்தெந்த நாளில் போட வேண்டும்?

பதில்: மருந்து போலி என்று சொல்வதற்கு முன்னால் நாள் கணக்கைப் பார்த்துவிடலாம். நீங்கள் தவறாக எதுவும் செய்யவில்லை, பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஏழாம் நாள் சொட்டு என்பது தொடக்கம் மட்டும்தான்.

ஊசி போட்ட தாய், தன் உடம்பில் இருக்கும் எதிர்ப்புப் பொருளை மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்குக் கொடுத்து அனுப்புகிறது. பொரித்த முதல் வாரங்களில் குஞ்சைக் காப்பது அதுதான். இந்தச் சீதனம் ஏறக்குறைய நாலரை நாளுக்கு ஒருமுறை பாதியாகக் கரைகிறது. மூன்று வாரத்தில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

சிக்கலும் இதிலேயே இருக்கிறது. சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, சாதுவான வைரஸ். அது குஞ்சின் உடம்பில் பெருகினால்தான் குஞ்சு சொந்தமாக எதிர்ப்பு உண்டாக்கிக்கொள்ளும். தாய் கொடுத்த எதிர்ப்பு மிகுந்திருக்கும்போது மருந்து விட்டால், நோய் வைரஸை அடிப்பது போலவே மருந்து வைரஸையும் அது அடித்துவிடும். உங்கள் தாய்க்கோழிகளுக்கு ஊசி போட்டிருந்ததால் குஞ்சுகளிடம் அந்த எதிர்ப்பு நிறையவே இருந்திருக்கலாம். ஏழாம் நாள் சொட்டில் பெரும்பகுதி அங்கேயே வீணாகியிருக்கும். மிச்சம் வேலை செய்ததும் சில வாரத்தில் தளர்ந்துபோயிருக்கும். எண்பதாம் நாளில் வைரஸ் வந்தபோது குஞ்சிடம் தாயுடையதும் இல்லை, தன்னுடையதும் போதவில்லை.

அப்படியானால் ஏழாம் நாளில் எதற்குப் போட வேண்டும் என்று கேட்பீர்கள். எல்லாத் தாயும் ஒரே அளவு கொடுப்பதில்லை, ஒரே ஈட்டிலும் குஞ்சுக்குக் குஞ்சு அது மாறும். குறைவாகப் பெற்ற குஞ்சு பத்தாம் நாளிலேயே வெறுங்கையோடு நிற்கும். அதைக் காப்பதற்குத்தான் முதல் சொட்டு. கண்ணில் விடுவதற்கும் காரணம் உண்டு. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுரப்பி, அந்த இடத்திலேயே எதிர்ப்பை உருவாக்கும். இரத்தத்தில் ஓடும் தாயின் எதிர்ப்பு அங்கே அவ்வளவாகக் குறுக்கிடுவதில்லை. குடிநீரில் கலந்து கொடுப்பதைவிடக் கண் சொட்டை நான் வலியுறுத்துவது இதனால்தான். மேய்கிற கோழி எத்தனை வாய் தண்ணீர் குடித்தது என்று யார் எண்ணுவது? குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மருந்து வைரஸ் அதிலேயே செத்துவிடும்.

சரி, அடுத்த ஈட்டுக்கு வருவோம். நாட்டுக்கோழியில் பெரிய தொல்லை, ஒவ்வொரு அடையும் ஒவ்வொரு தேதியில் பொரிப்பது. மருந்துக் குப்பி சின்னதே பெரும்பாலும் 100 கோழிக்கானது. கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். 8 குஞ்சுக்காக ஒரு குப்பியை உடைக்க யாருக்கும் மனம் வராது, தள்ளிப்போடுவோம். நான் பார்த்தவரை பாதிப் பேர் இப்படித்தான் கோழியை இழக்கிறார்கள். அதனால் குஞ்சின் வயதுக்குப் பின்னால் ஓடாமல், பொதுவாக ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அதில் எல்லாக் குஞ்சையும் சேர்த்துவிடுங்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு கோழி 3ஆம் தேதியும் இன்னொன்று 12ஆம் தேதியும் பொரிக்கிறது. 20ஆம் தேதி முதல் சொட்டு போட்டால் மூத்த ஈட்டுக்கு 17 நாள், இளையதற்கு 8 நாள், இரண்டும் சரியான வயதே. அதிலிருந்து மூன்று வாரம் கழித்து இரண்டாவது சொட்டு. அப்போது வயது 38, 29. தாயின் எதிர்ப்பு கரைந்துவிட்டதால் மருந்து நன்றாகப் பிடிக்கும். என் கணிப்பில் மூன்றிலும் முக்கியமானது இந்த இரண்டாவது டோஸ்தான், பெரும்பாலோர் விடுவதும் இதையேதான். அதற்குப் பிறகு ஐந்து வாரம் கழித்து மூன்றாவது. அப்போது இளைய ஈட்டுக்கும் 64 நாள் ஆகியிருக்கும். நீங்கள் தாய்களுக்குப் போட்ட றெக்கை ஊசியை இந்த இடத்தில் போடலாம். அந்த ஊசியில் இருப்பது சொட்டைவிட வீரியம் கூடிய வைரஸ். எட்டு வாரம் நிறையாத குஞ்சுக்கோ, முன்பு சொட்டே போடாத குஞ்சுக்கோ அதைப் போட்டால் ஊசியே காலை முடக்கும், கொல்லவும் செய்யும். முட்டையிடும் பருவத்தில் போட்டால் முட்டை குறையும். தயக்கமாக இருந்தால் மூன்றாவதும் சொட்டாகவே இருக்கட்டும். அதன் பிறகு நான்கு மாதத்துக்கு ஒருமுறை பெரியது சின்னது எல்லாவற்றுக்கும் சொட்டு.

அந்த நான்கு மாதச் சுற்றை எங்கே தொடங்குவது? உங்கள் பகுதியில் வருடத்தில் எந்த மாதங்களில் கோழி கொத்தாகச் சாகும் என்று பழைய ஆட்களிடம் கேளுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பாக ஒரு சுற்று முடிந்திருக்க வேண்டும். மருந்து போட்டு எதிர்ப்பு வருவதற்கே ஒன்றிரண்டு வாரம் ஆகும், சாவு தொடங்கிய பிறகு ஓடினால் எட்டாது. பக்கத்து வீட்டுக் கோழிகளையும் அதே நாளில் வரச் சொல்லுங்கள். குப்பி வீணாகாது. அதோடு மேய்ச்சலில் எல்லாக் கோழியும் கலப்பதால், நீங்கள் மட்டும் போட்டு ஊரே போடாமலிருந்தால் வைரஸ் உங்கள் வாசலைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மருந்து போட்ட கோழி சாகாது என்றாலும், வைரஸ் உள்ளே போனால் கொஞ்சநாள் எச்சத்தில் வெளியே விடும். அது போடாத குஞ்சைப் பிடிக்கும்.

சொட்டு விடும்போது குஞ்சின் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, குப்பியை நேர் செங்குத்தாகக் கவிழ்த்து, கண்ணில் ஒரு சொட்டு விட்டுவிட்டு, குஞ்சு இமைத்து அதை உள்ளே இழுக்கும்வரை பிடித்திருங்கள். சாய்த்துப் பிடித்தால் சொட்டு சிறுத்துவிடும். உடனே விட்டால் தலையை உதறி வெளியே சிந்திவிடும். குப்பியைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தால் கைச்சூட்டில் மருந்து கெடும். ஐந்தாறு குஞ்சுக்கு ஒருமுறை ஐஸ் பெட்டியில் வைத்து எடுங்கள். மருந்தை வாங்கும்போதே ஐஸோடு வாங்கினீர்களா என்பதையும் யோசியுங்கள். வெயிலில் சட்டைப்பையில் வந்த குப்பி அசலாகவே இருந்தாலும் உள்ளே வைரஸ் உயிரோடிருக்காது.

போட்ட நாலைந்து நாளில் லேசான தும்மலோ கண்ணில் நீரோ வந்தால் மருந்து பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், தானே அடங்கும். அதே நாட்களில் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து கழுத்து முறுக்கிச் செத்தால், மருந்து போடும்போதே நோய் உள்ளே இருந்திருக்கிறது. சோர்ந்து நிற்கும் குஞ்சுக்கு அன்றைக்குப் போடாதீர்கள். மற்றவற்றுக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால் நல்லது.

இப்போது பிழைத்திருக்கும் கோழிகளிடம் எதிர்ப்பு இருக்கும், ஆனால் எச்சத்தில் வைரஸும் வரலாம். பஞ்சாரத்தையும் தரையையும் சுத்தம் செய்து, ஒரு மாதமாவது புதுக் கோழி சேர்க்காதீர்கள். பிறகு வாங்கும் கோழியைத் தனியே கட்டி, சொட்டு போட்டு, இரண்டு வாரம் கழித்து மந்தையில் விடுங்கள்.