நகையில் நிஜத் தங்கம் எவ்வளவு? – கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வங்கிகளுக்கு நகை மதிப்பீடு செய்துவருகிறவன் நான். மாற்று, காரட், எடை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். விலை ஏறுமா, இறங்குமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

தொண்டி, கல்லூரி மாணவர்: 22 காரட்டில் எத்தனை சதவீதம் தங்கம் சார்?

மொத்தம் 24 பங்கு, அதில் 22 பங்கு தங்கம். 22-ஐ 24-ஆல் வகுத்தால் 91.67 வரும். நகையில் 916 என்று முத்திரை இருப்பது இதனால்தான்: ஆயிரத்துக்கு 916. 18 காரட் 75 சதவீதம், 14 காரட் 58 சதவீதத்துக்குச் சற்று மேல். எடையை இந்தச் சதவீதத்தால் பெருக்கினால் உள்ளே இருக்கும் தங்கம் கிடைத்துவிடும். 8 கிராம் பவுன் ஒன்றில் 7.33 கிராம். கணக்கு இவ்வளவுதான். எந்த எடையைப் பெருக்குகிறோம் என்பதில்தான் ஆட்கள் பணத்தை விடுகிறார்கள்.

கீழக்கரை, இல்லத்தரசி: என் கருகமணி 38 கிராம். வீட்டில் நிறுத்துப் பார்த்துத்தான் கொண்டுபோனேன். வங்கியில் 27 கிராம் என்று எழுதிவிட்டார்கள். 11 கிராம் எங்கே போச்சு காக்கா?

எங்கேயும் போகவில்லை லாத்தா, உங்கள் கழுத்திலேயேதான் இருக்கிறது. அது மணி. கருகமணி கண்ணாடிதானே, கண்ணாடிக்கு யாரும் கடன் தரமாட்டார்கள். அட்டையில் இரண்டு எடை எழுதியிருப்பார்கள், பாருங்கள். மொத்த எடை 38, நிகர எடை 27. இந்த 27-ஐத்தான் 0.916-ஆல் பெருக்க வேண்டும். 24.7 கிராம் சுத்தத் தங்கம் வரும். 38-ஐப் பெருக்கினால் 34.8 என்று வரும். 10 கிராம் தங்கத்தை மனதுக்குள்ளேயே கூட்டி வைத்துக்கொண்டு, அப்புறம் வங்கிக்காரரோடு சண்டை போடுவீர்கள்.

கோத்த மாலையில் மணியின் எடையை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது நியாயமான கேள்வி. நான் செய்வதைச் சொல்கிறேன். மணிகளை எண்ணிவிட்டு, அதே அளவு உதிரி மணியில் இருபதைத் தராசில் போடுவேன். 2.2 கிராம் காட்டினால் மணி ஒன்றுக்கு 0.11. மாலையில் 100 மணி இருந்தால் 11 கிராம் கழியும். மணிகள் ஒரே அளவாக இல்லாவிட்டால் இது சற்று முன்பின் போகும், அப்போது வங்கிக்குப் பாதகமில்லாமல் கொஞ்சம் கூடுதலாகவே கழிப்போம். அதை நான் மறைக்கவில்லை. உங்களுக்குச் சந்தேகமென்றால் அடுத்த முறை நூல் மாற்றும்போது தங்கக் குண்டுகளையும் பதக்கத்தையும் மட்டும் தனியே நிறுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

கல் வைத்த தோடு, உள்ளே அரக்கு அடைத்த குண்டு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மொத்த எடையைப் பெருக்காதீர்கள்.

தேவிபட்டினம்: வைர மோதிரத்தில் 750 என்று போட்டிருக்கு. 22 காரட்டா?

18 காரட். 75 சதவீதம். கல்லின் எடையைக் கழித்த பிறகு பெருக்குங்கள்.

பெரியபட்டினம்: மச்சான் சவுதியிலிருந்து 5 பவுன் செயின் கொண்டுவந்தார். உள்ளே 875 என்று இருக்கிறது. இங்கே கடையில் "இது மட்டத் தங்கம், 20 காரட் கணக்கில்தான் எடுப்போம்" என்கிறார்கள். ஏமாந்துவிட்டோமா?

மச்சான் ஏமாறவில்லை. நீங்கள் ஏமாறப் போகிறீர்கள். வளைகுடாவில் 21 காரட் சாதாரணமாக விற்கிற சரக்கு. 21-ஐ 24-ஆல் வகுத்தால் 87.5 சதவீதம், அதுதான் 875. வாங்கும்போதும் 21 காரட் விலைதான் கொடுத்திருப்பார்.

உங்கள் செயின் 40 கிராம், கல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சுத்தத் தங்கம் 35 கிராம். கடைக்காரர் 20 காரட் என்று பேசினால் 33.3 கிராமுக்குத்தான் காசு தருகிறார். கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் கிராம் வாய்ப்பேச்சிலேயே போய்விடும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: "இந்த 35 கிராமுக்கு 22 காரட்டில் எத்தனை கிராம் கணக்கு?" 35-ஐ 0.916-ஆல் வகுத்தால் 38.2. பவுனில் 4.78. "5 பவுன் செயின்" என்று வீட்டில் பேசிக்கொள்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டு கிராமுக்குள்தான். நாங்கள் வங்கியில் போடுவதும் இப்படி 22 காரட்டுக்கு மாற்றித்தான்.

அதே பெரியபட்டினத்துக்காரர்: அப்படியென்றால் கொஞ்சம் சுத்தத் தங்கம் போட்டு உருக்கி 916 ஆக்கிவிடலாமே? ரெண்டு கிராம் போதுமா?

நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பத்தொன்பதரை கிராம் வேண்டும்.

ஏனென்று பாருங்கள். 40 கிராம் செயினில் செம்பும் வெள்ளியுமாக 5 கிராம் இருக்கிறது. உருக்கினாலும் அது அப்படியே உள்ளே கிடக்கும். 916-இல் கலப்புக்கு இடம் 8.4 சதவீதம்தான். 5 கிராம் என்பது 8.4 சதவீதமாக வேண்டுமென்றால் மொத்தக் கட்டி 59.5 கிராம் இருக்க வேண்டும். உங்களிடம் 40. மீதி 19.5 கிராமும் சுத்தத் தங்கமாக வர வேண்டும். ஏழரைப் பவுனில் ஆரம் செய்கிற எண்ணம் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் 875 ஆகவே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அதற்கொன்றும் குறைச்சல் இல்லை.

பாம்பன், விசைப்படகு வைத்திருப்பவர்: தடைக்காலம் வந்தால் வீட்டு நகை அடகுக்குப் போகுது. வருஷா வருஷம் எடை கொஞ்சம் குறையுது. உப்புக் காத்து தங்கத்தைத் தின்னுமா?

தின்னாது. உப்பு தங்கத்தை ஒன்றும் செய்யாது, கறுக்கிறதென்றால் அது கூட இருக்கிற செம்பும் வெள்ளியும். எடை குறைவது தேய்மானத்தால். செயினின் கொக்கியிலும் வளையத்திலும் பாருங்கள், ஒன்றோடொன்று உரசுகிற இடம் கம்பியாக மெலிந்திருக்கும். சதவீதம் மாறாது, கிராம் குறையும்.

ஏர்வாடி: 22 காரட் என்றால் எத்தனை சதவீதம்?

முதல் பதில்.

மண்டபம், ஆசிரியை: அம்மாவின் பழைய செயினைக் கடையில் மாற்றினேன். முதலில் மெஷினில் 91.7 காட்டியது. உருக்கிய பிறகு 89.4 என்கிறார்கள். கண் முன்னாலேயே திருடுகிறார்கள் அல்லவா?

இரண்டு எண்ணும் உண்மையாக இருக்கலாம். அந்த மெஷின் எக்ஸ்ரேயை ஒரு புள்ளியில் அடித்து, மேல்தோலை மட்டும் படிக்கிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. வளையம் வளையமாகப் பற்றவைத்த பழைய செயினில் பற்றவைத்த இடம் வேறு மாற்று. வளையத்தின் முதுகில் அடித்தால் 91.7 காட்டும், உருக்கினால் எல்லாம் கலந்து நிஜம் வெளியே வரும்.

ராமநாதபுரம், நகை செய்யும் பெரியவர்: குறுக்கே வருகிறேன் தம்பி. அந்தக் காலத்தில் நாங்கள் வளையங்களைப் பற்றவைக்கத் தங்கம் கலந்த பொடி வைத்து, வெண்காரம் தடவி ஊதுவோம். பொடி சீக்கிரம் உருக வேண்டுமென்றால் வெள்ளியும் செம்பும் கூட இருந்தாகணும். கொடி, செயின் என்றால் நூற்றுக்கணக்கில் பற்றுவாய். உருக்கினால் 22 நிற்கவே நிற்காது. 88-க்குக்கூட இறங்கும். திருட்டு கிருட்டு என்று பேசக் கூடாது.

பெரியவர் சொல்வது சரி. கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். 16 கிராம் செயினில் 14.8 கிராம் 916 கம்பி, 1.2 கிராம் பொடி, பொடியில் 65 சதவீதம் தங்கம் என்று வைப்போம். கம்பியில் 13.56, பொடியில் 0.78, கூட்டினால் 14.34 கிராம். 16-ஆல் வகுத்தால் 89.6. டீச்சர் செயின் 89.4. ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது.

தங்கச்சிமடம், நகைக்கடை ஊழியர்: அதனால்தான் கேடிஎம் வாங்கணும். 916-ஐ விடக் கேடிஎம் ஒரு படி மேல், உருக்கினாலும் 92 நிற்கும்.

பாதி சரி. கேடிஎம் மாற்றின் பெயர் இல்லை, பற்றவைக்கிற முறையின் பெயர். செம்பு, வெள்ளிக்குப் பதில் காட்மியம் கலந்த பொடி. காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், தங்கம் உருக 1064 வேண்டும். ஊதும்போதே காட்மியத்தில் பெரும்பங்கு பறந்துவிடுவதால் மாற்று அவ்வளவு குறையாது. பறந்தது எங்கே போனது? ஊதியவர் நுரையீரலுக்கு. அதனால்தான் ஹால்மார்க் நகையில் காட்மியத்துக்கு இடமில்லை. இன்றைக்கு யாராவது கேடிஎம் என்று பெருமையாக விற்றால், முத்திரை எங்கே என்று கேளுங்கள்.

பெரியவர்: நான் அதை ஊதியவன். 92 நின்றது நிஜம், இருமலும் நிஜம். ஆனால் தம்பி, மெஷின் பொடியைப் பார்க்காது என்கிறீர்களே, பற்றுவாய் மேலேயே அடித்தால்?

அடித்தால் காட்டும். புள்ளி அந்த இடத்தில் சரியாக விழ வேண்டும், மெல்லிய செயினில் அது அதிர்ஷ்டம்.

ஆசிரியை: நீங்கள் இரண்டு பேரும் கடைக்காரர் பக்கமே பேசுகிறீர்கள். உருக்கிய பிறகும் 3 சதவீதம் "உருக்குச் சேதாரம்" கழித்தார்களே, அது எதற்கு?

இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் டீச்சர். சேதாரம் என்பது அழுக்கும் ஒட்டும் எரிந்து போனது. அது செயினின் எடைக்கும் கட்டியின் எடைக்கும் உள்ள வித்தியாசத்திலேயே தெரிந்துவிடும். கட்டியை நிறுத்த பிறகு, அதன் மாற்றையும் பார்த்த பிறகு, மறுபடி கழிக்க ஒன்றுமில்லை. 16.1 கிராம் செயின் 15.9 கிராம் கட்டியானால், 15.9-ஐ 0.894-ஆல் பெருக்குங்கள், 14.2 கிராம் சுத்தம். அதற்கு மேல் 3 சதவீதம் என்றால் 0.4 கிராமுக்கு மேல் போகிறது.

பெரியவர்: எங்கள் பக்கம் எல்லாக் கடையிலும் கழிக்கத்தான் செய்கிறார்கள். லாபம் எங்கே வைப்பார்கள்?

லாபத்துக்கு லாபம் என்று பெயர் வைத்துக் கேட்கட்டும். இதில் எனக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகாது, விடுங்கள். டீச்சர், கட்டியின் எடை சீட்டில் இருக்கிறதா?

ஆசிரியை: இல்லை. மாற்று மட்டும்தான் எழுதியிருக்கிறது.

அப்போது திருடினார்களா இல்லையா என்று இங்கே உட்கார்ந்து யாரும் சொல்ல முடியாது. உருக்கக் கொடுப்பதற்கு முன் செயின் எடை, உருக்கியதும் கட்டி எடை, கட்டியின் மாற்று, மூன்றும் சீட்டில் வர வேண்டும். என்ன கழிப்பீர்கள் என்று அடுப்புக்குப் போகும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். கட்டியான பிறகு பேரம் பேச உங்கள் கையில் நகை இருக்காது.

தொண்டி: 24 காரட்டில் தாலி செய்யலாமா?

செய்யலாம், வளையும். குழந்தை இழுத்தால் நீண்டுவிடும். 22-இலேயே செய்யுங்கள்.

ராமேஸ்வரம்: அடுத்த மாதம் விலை குறையுமா அண்ணே?

மேலே முதல் பத்தியைப் படியுங்கள்.

கீழக்கரை இல்லத்தரசி: காக்கா, நூலைப் பிரித்து நிறுத்தேன். தங்கம் மட்டும் 27.3 இருக்கு.

0.3 கிராம் உங்களுக்கு வர வேண்டியதுதான். மறுபடி வைக்கும்போது கோக்காமல் தங்கத்தைத் தனியாகக் கொண்டுபோங்கள், எண்ணிக் கழிக்கிற வேலையே இருக்காது.