டோட்டல் கவுண்ட் நார்மல், ஸ்மியரில் பேண்ட் செல்கள்: ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

கேள்வி: "சின்ன ஊரில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்களிடம் இருப்பது 3 பார்ட் மெஷின். குளிர் காய்ச்சலோடு வந்த ஒருவருக்கு டோட்டல் கவுண்ட் 6,100. ஆனால் ஸ்மியரில் பேண்ட் செல்கள் நிறைய, நியூட்ரோஃபில்களுக்குள் கருத்த துகள்கள் வேறு. சாயத்தின் கோளாறா, நிஜமா? கவுண்ட் நார்மல் என்றே அனுப்பிவிடலாமா?"

பதில்: அப்படியே அனுப்ப வேண்டாம். டோட்டல் கவுண்ட் காட்டுவது அந்த நிமிடத்தில் ரத்தத்தில் ஓடுகிற வெள்ளணுக்களை மட்டும்தான். கடுமையான பாக்டீரியா தொற்றில் நியூட்ரோஃபில்கள் ரத்தத்தை விட்டுத் திசுவுக்குள் போய்க்கொண்டே இருக்கும். எலும்பு மஜ்ஜை முதலில் சேமிப்பில் உள்ள முதிர்ந்த செல்களை அனுப்பும். அது பற்றாதபோது பேண்ட் செல்களையும், அதற்கும் இளைய மெட்டாமைலோசைட்டுகளையும் வெளியே விடும். இதுதான் லெஃப்ட் ஷிஃப்ட். வருவதும் போவதும் சமமாக இருந்தால் டோட்டல் ஏறவே ஏறாது. கவுண்ட் 18,000, பேண்ட் 12 சதவீதம் என்றால் மஜ்ஜை ஈடுகொடுக்கிறது. கவுண்ட் ஏறாமல் பேண்ட் மட்டும் ஏறியிருந்தால் அது திணறுகிறது. இந்த இரண்டில் எனக்குப் பயம் தருவது பின்னதுதான். உங்கள் மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து GRAN என்று போட்டுவிடும்.

பேண்ட் செல்தானா என்று பார்க்க உட்கருவின் மிகக் குறுகலான இடத்துக்குப் போங்கள். அங்கே இரு மடல்களையும் நூல் போன்ற இழை இணைத்தால் அது முதிர்ந்த செல். இழை இல்லாமல் பட்டையாக, உள்ளே குரோமாட்டின் தெரியும்படி இருந்தால் பேண்ட். உட்கரு மடிந்து கிடந்து சந்தேகம் வந்தால் முதிர்ந்ததிலேயே சேருங்கள். 100 செல் எண்ணி 10 பேண்ட் கிடைத்தால் உண்மையான அளவு 4 முதல் 18 வரை எதுவாகவும் இருக்கலாம். அதனால் இப்படிப்பட்ட ஸ்மியரில் 200 செல்லாவது எண்ணுங்கள்.

சாயம் பற்றிய சந்தேகம் நியாயமானது. லீஷ்மன் சாயம் அதிக நேரம் நின்றாலோ, பஃபரின் பிஹெச் 6.8-இலிருந்து இறங்கியிருந்தாலோ நல்ல நியூட்ரோஃபிலிலும் துகள்கள் கருத்துத் தெரியும். நான் செய்வது இதுதான்: நோயில்லாத ஒருவரின் ஸ்மியரை அதே தட்டில், அதே நேரத்தில் சாயமேற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அதிலும் துகள் கருத்திருந்தால் சாயம்தான். நிஜமான டாக்ஸிக் கிரானுல் எல்லா நியூட்ரோஃபிலிலும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் அடர்த்தியாக, அடுத்ததில் லேசாக இருக்கும். செல்லின் ஓரத்தில் வெளிர் நீலத் திட்டாக டோலே பாடி தெரிந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வாக்குவோல் விஷயத்தில் மட்டும் கவனம்: இடிடிஏ குழாயில் சில மணி நேரம் கிடந்த ரத்தத்தில் அது தானாகவே வரும். ரத்தம் எடுத்ததும் ஸ்மியர் போட்டிருந்தால்தான் அதை நம்பலாம்.

ஒரு கேஸ் சொல்கிறேன். சர்க்கரை நோயுள்ள 62 வயது அம்மா; நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி. டோட்டல் 5,200. ஸ்மியரில் முதிர்ந்த நியூட்ரோஃபில் 46, பேண்ட் 28, மெட்டாமைலோசைட் 6, மைலோசைட் 2, லிம்போசைட் 14, மோனோசைட் 4. நியூட்ரோஃபில் வரிசையில் மொத்தம் 82 செல், அதில் 36 முதிராதவை. துகள்கள் கருப்பு, டோலே பாடியும் இருந்தது. ரிப்போர்ட் டைப் ஆகும் வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் செய்தேன். பிளட் கல்ச்சர் எடுத்துவிட்டு ஆன்டிபயாட்டிக் தொடங்கினார்கள், கல்ச்சரில் ஈ.கோலை வளர்ந்தது. மூன்றாம் நாள் டோட்டல் 14,600, பேண்ட் 9. கவுண்ட் ஏறிவிட்டதே என்று அவர் மகன் பதறினார். உண்மையில் அது தேறுகிற அடையாளம்: மஜ்ஜை உற்பத்தியைப் பெருக்கி முதிர்ந்த செல்களை அனுப்பத் தொடங்கிவிட்டது.

அப்புறம், லெஃப்ட் ஷிஃப்ட் என்றாலே பாக்டீரியா என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. கர்ப்பம், தீக்காயம், பெரிய அறுவை சிகிச்சை இவற்றிலும் வரும். கீமோவுக்குப் பிறகு ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்டவருக்கு டாக்ஸிக் கிரானுலும் சேர்ந்தே வரும். அதனால் நோயின் பெயர் வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: "மொத்த எண்ணிக்கை இயல்பு. குறிப்பிடத்தக்க லெஃப்ட் ஷிஃப்ட். பேண்ட் இத்தனை சதவீதம். டாக்ஸிக் கிரானுல், டோலே பாடி காணப்படுகின்றன. நோயாளியின் நிலையோடு சேர்த்துப் பார்க்கவும்." பேண்ட் 10 சதவீதத்தைத் தாண்டினால் டாக்டரைப் போனில் பிடித்து, பேசிய நேரத்தை ரிஜிஸ்டரில் குறித்து வையுங்கள்.