நோய் தெரிந்தும் விடை தப்புவது

"நீட் பிஜி மாதிரித் தேர்வில் நோயைச் சரியாகப் பிடித்துவிடுகிறேன். ஆனாலும் 'பெஸ்ட் நெக்ஸ்ட் ஸ்டெப்' கேள்விகளில் மதிப்பெண் போகிறது. 'எக்செப்ட்' என்பதையும் கவனிக்காமல் விடுகிறேன்."

இப்படிக் கேட்கும் மாணவர்களுக்கு நான் வகுப்பில் சொல்வது இதுதான்: கேள்வியின் கடைசி வரியை முதலில் படியுங்கள், அப்புறம் நோயாளியின் கதைக்குப் போங்கள். ஒரே கதைக்கு மூன்று கேள்வி போடலாம். பைக் விபத்தில் வந்த இளைஞர். மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் 80/50, வலப்பக்கம் மூச்சொலி இல்லை, மூச்சுக்குழாய் இடப்பக்கம் தள்ளியிருக்கிறது, கழுத்துச் சிரை புடைத்திருக்கிறது. 'மோஸ்ட் லைக்லி' என்றால் டென்ஷன் நியூமோதொராக்ஸ். 'நெக்ஸ்ட் ஸ்டெப்' என்றால் ஊசி குத்திக் காற்றை வெளியேற்றுவது. 'டெஃபினிட்டிவ்' என்றால் நெஞ்சுக் குழாய்.

பலர் எக்ஸ்ரேயைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுதிசெய்துவிட்டுத்தானே வைத்தியம் என்று தோன்றும். ஆனால் 80/50 என்று கொடுத்ததே, படம் எடுக்க நேரமில்லை என்று சொல்லத்தான். அதே கதையில் அழுத்தம் 120/80, மூச்சுக்குழாய் நடுவில், ஆள் நன்றாகப் பேசுகிறார் என்றால் எக்ஸ்ரேதான் விடை. அதனால் நோயின் பெயரை முடிவு செய்ததும் நிறுத்தாமல், ஆள் நிலையாக இருக்கிறாரா, இதுவரை என்ன செய்துவிட்டார்கள் என்று பாருங்கள். ஊசி ஏற்கெனவே குத்தியாயிற்று என்று கதையில் ஒரு வரி இருந்தால், அடுத்தது குழாய்தான்.

'எக்செப்ட்' வந்தால் ஒவ்வொரு விடைக்கும் சரி, தவறு என்று மனதுக்குள் குறியுங்கள். மூன்று 'சரி', ஒரு 'தவறு' வர வேண்டும். 'ஏ' சரியாக இருக்கிறதே என்று உடனே அழுத்திவிடுவதுதான் வழக்கமான சறுக்கல். நானும் அப்படி இழந்திருக்கிறேன்.