கணக்கில் பணம் இருந்தும் இஎம்ஐ போகவில்லை: மேண்டேட் வரம்பு, அபராதம், சிபில்

கேள்வி: வக்கீல் ஐயா, நான் குடியாத்தம். வீட்டுக் கடன் முதலில் 22 லட்சம், பிறகு அதே கடனை 26 லட்சமாகக் கூட்டினார்கள். இஎம்ஐ 19,092-லிருந்து ஜூன் முதல் 22,563 ஆனது. சம்பளக் கணக்கு வேறு வங்கியில். அதில் எப்போதும் ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் இருக்கும். ஆனால் ஜூன் 5, ஜூலை 5 இரண்டு தவணையும் எடுக்கவில்லை. ஜூலை 22 அன்று போன் செய்து, பவுன்ஸ் சார்ஜ், அபராதம் 4,490 சேர்த்துக் கட்டு, இல்லாவிட்டால் செக் பவுன்ஸ் மாதிரி கேஸ் வரும் என்கிறார்கள். தவணையைத் தானாக எடுத்துக்கொள்ள நான் கையெழுத்துப் போட்ட நாச் படிவத்தின் நகலில் 20,000 என்று இருக்கிறது. என் சிபில் கெட்டுவிடுமா? தவறு யாருடையது?

பதில்:

முதலில் இரண்டு தவணைக்கான 45,126 ரூபாயையும் ஒரே நாளில் கடன் கணக்குக்கு அனுப்புங்கள். 4,490-ஐப் பற்றிய சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இந்தச் சண்டை முடியட்டும் என்று காத்திருந்தால் நாள் கணக்கு உங்களுக்கு எதிராக ஓடிக்கொண்டே இருக்கும். ஜூன் 5 தவணை கட்டாமல் நின்றதால் ஜூலை 5-லேயே உங்கள் கடன், வாராக்கடன் ஆவதற்கு முந்தைய எச்சரிக்கைப் படியான எஸ்எம்ஏ-1 என்ற நிலைக்குப் போயிருக்கும். ஆகஸ்ட் 4 தாண்டினால் எஸ்எம்ஏ-2, செப்டம்பர் 3 வந்தால் வாராக்கடன். ரிசர்வ் வங்கி விதிப்படி 30, 60, 90 நாள் என்று இதை எண்ணுகிறார்கள். கட்டாததற்கு என்ன காரணம் என்று இந்த எண்ணிக்கை பார்ப்பதில்லை.

“ஒரு தவணையை இப்போது கட்டுகிறேன், மற்றதை சம்பளம் வந்ததும் கட்டுகிறேன்” என்றும் நினைக்க வேண்டாம். கட்டும் பணம் பழைய பாக்கிக்குத்தான் முதலில் போகும். ஜூலை 22 அன்று ஒரு தவணை மட்டும் கட்டினால் ஜூன் பாக்கி தீரும், ஜூலை பாக்கி 17 நாளாக நிற்கும். 47 நாள் தாமதம் 17 ஆகுமே தவிர பூஜ்ஜியம் ஆகாது. இதைவிட மோசமான ஒன்றும் நடப்பதுண்டு. நீங்கள் கட்டிய பணத்திலிருந்து சார்ஜ் தொகையை முதலில் கழித்துக்கொண்டால், ஜூன் தவணையில் சில ஆயிரம் குறைந்து நிற்கும். அப்போது 47 என்ற எண் அசையாது. அதனால் பணம் அனுப்பிய அன்றே கிளைக்கு மின்னஞ்சலில் இப்படி எழுதுங்கள்: “இன்று அனுப்பிய ரூ.45,126 ஜூன், ஜூலை தவணைகளுக்கு மட்டும். சார்ஜ் தொகையை நான் ஏற்கவில்லை, அதற்கான பிரிவு வாரியான கணக்கு தேவை.” மூன்று நாள் கழித்து கடன் கணக்கு ஸ்டேட்மென்ட் வாங்கி, அந்தப் பணம் எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சார்ஜில் கழித்திருந்தால் குறையும் தொகையை எதிர்ப்புத் தெரிவித்தபடியே கட்டிவிட்டு, திரும்பக் கேட்கலாம்.

இனி, பணம் ஏன் போகவில்லை என்பது. நாச் மேண்டேட்டில் நீங்கள் தந்த அனுமதி மாதம் அதிகபட்சம் 20,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் அனுமதி இல்லாத கோரிக்கைதான். 20,000 மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும் ஏற்பாடு தானாக நடக்காது. மொத்தக் கோரிக்கையும் திரும்பிவிடும். 22 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு 19,092 தவணை என்றபோது, வெறும் 908 ரூபாய் இடைவெளி விட்டு மேண்டேட் எழுதியதே தவறு. கடனைக் கூட்டாமல் வட்டி மட்டும் 9.25 ஆகியிருந்தாலும் தவணை 20,149 ஆகி இதே இடத்தில் மாட்டியிருக்கும். மாறும் வட்டிக் கடனுக்குத் தவணையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வரம்பு வைப்பது இதனால்தான்.

பணம் போதாமல் திரும்பியதா, வரம்பு மீறித் திரும்பியதா என்பதை உங்கள் சம்பளக் கணக்கு ஸ்டேட்மென்டே காட்டிக்கொடுக்கும். இருப்பு போதாமல் திரும்பினால் அந்த வங்கியும் பொதுவாகத் தன் பங்குக்கு ரிட்டர்ன் சார்ஜ் பிடிக்கும். ஜூன் 5, ஜூலை 5 தேதிகளில் அப்படி எதுவும் இல்லாமல், இருப்பு மட்டும் 50,000-க்கு மேல் நிற்கிறது என்றால் அந்தப் பக்கமே உங்கள் முதல் சாட்சி. மேண்டேட் நகல், கடனைக் கூட்டிய சாங்ஷன் கடிதம், புதிய தவணை அட்டவணை ஆகிய மூன்றையும் அதோடு சேர்த்து வையுங்கள். கடன் வங்கியிடம் திரும்பியதற்கான காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

தவறு யாருடையது என்று கேட்டீர்கள். கடன் ஒப்பந்தத்தில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: ஆட்டோ டெபிட் எந்தக் காரணத்தால் நடக்காவிட்டாலும் உரிய தேதியில் தவணை கட்டுவது கடன்தாரர் கடமை. அதை மறுத்து வாதாடினால் நிற்காது. ஜூன் 5 பணம் போகாததை நீங்களும் கவனித்திருக்க வேண்டும். ஆனால் கடனைக் கூட்டி, தவணையை உயர்த்தி, பழைய மேண்டேட்டையே வைத்துக்கொண்டு அனுமதியைத் தாண்டிய தொகையைக் கேட்டது வங்கி. புதிய மேண்டேட் வாங்காதது சேவைக் குறைபாடு. தவணையும் அதற்கான சாதாரண வட்டியும் உங்கள் பொறுப்பு, அந்தக் குறைபாட்டால் விழுந்த பவுன்ஸ் சார்ஜும் அபராதமும் வங்கியின் பொறுப்பு. இப்படிப் பிரித்துக் கேட்பதுதான் உங்களுக்கு வலுவான நிலை.

4,490-க்கு வருவோம். ஒப்பந்தத்தில் அபராதம் ஆண்டுக்கு 24 சதவீதம் என்று இருப்பதாக வைத்துக்கொண்டால், ஜூன் தவணைக்கு 47 நாளுக்கு 697, ஜூலை தவணைக்கு 17 நாளுக்கு 252, ஆக ஏறத்தாழ 950 ரூபாய். மீதி 3,540. ஒரு பவுன்ஸுக்கு வரியோடு 590 என்றால் அது சரியாக ஆறு பவுன்ஸ். அதாவது தவணைகள் இரண்டு, கோரிக்கைகள் ஆறு என்று நான் சந்தேகிக்கிறேன். வரம்பு 20,000 என்று தெரிந்த மேண்டேட்டில் 22,563-ஐ மீண்டும் மீண்டும் கேட்டு ஒவ்வொரு முறையும் சார்ஜ் போடுவதை எந்த அதிகாரி முன்னும் நியாயப்படுத்த முடியாது. ஒவ்வொரு கோரிக்கையின் தேதியையும் கேட்டு வாங்குங்கள்.

அபராதம் பற்றி ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று தந்த உத்தரவு உங்களுக்கு உதவும். அபராத வட்டி என்று வட்டி விகிதத்தில் ஏற்றக் கூடாது, அபராதக் கட்டணமாகத்தான் தனியே போட வேண்டும். அதை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. தொகை மீறலுக்குத் தக்க அளவில் இருக்க வேண்டும், ஒப்பந்தத்தில் முன்பே சொல்லியிருக்க வேண்டும், விதிக்கும்போது காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். அபராதக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2025 ஜனவரியில் வரித்துறையும் தெளிவாக்கிவிட்டது. ஸ்டேட்மென்டில் அபராதம் 26 லட்சம் முழுவதற்கும் கணக்கிடப்பட்டிருக்கிறதா, வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

“செக் பவுன்ஸ் மாதிரி கேஸ்” என்று மிரட்டியது, பணம் செலுத்தும் முறைகள் சட்டம் 2007-இன் 25-ஆம் பிரிவை மனதில் வைத்து. மின்னணு டெபிட் இருப்பு போதாமலோ, வங்கியோடு ஒப்புக்கொண்ட அளவைத் தாண்டியோ திரும்பினால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று அது சொல்வது உண்மைதான். ஆனால் கோரிக்கை உரிய நடைமுறைப்படி அனுப்பப்பட்டிருக்க வேண்டும். அனுமதித்ததைவிட அதிகம் கேட்டது அப்படி ஆகாது என்பது நம் பக்க வாதம். அதோடு, திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், அது கிடைத்து 15 நாளுக்குள்ளும் நீங்கள் கட்டாவிட்டால்தான் குற்றம். போனில் சொன்னது நோட்டீஸ் ஆகாது. உண்மையாகவே நோட்டீஸ் வந்தால் உறையையும் தபால் முத்திரைத் தேதியையும் பத்திரப்படுத்துங்கள், 15 நாளைத் தவறவிடாதீர்கள்.

சிபிலைப் பொறுத்தவரை, தாமதம் பதிவாகியிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதம் குறைந்தது இரண்டு முறை தகவல் அனுப்ப வேண்டும். ஆகவே ஜூன் கடைசியில் 25 நாள் தாமதம் என்றும், ஜூலை 15 அன்று 40 நாள் என்றும் போயிருக்கலாம். அறிக்கையில் DPD என்ற கட்டத்தில் மாதவாரியாக அந்த எண் தெரியும், 36 மாதம் வரை அங்கேயே இருக்கும். பணம் கட்டியதும் அடுத்த மாதக் கட்டம் சுத்தமாகும், பழைய கட்டம் தானாக மாறாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுத்துப் பாருங்கள்.

சிபில் நிறுவனத்துக்கு மட்டும் எழுதிப் பயனில்லை, கடன் வங்கி ஒப்புக்கொள்ளாமல் அவர்களால் எண்ணை மாற்ற முடியாது. வங்கிக்கும் சேர்த்து எழுதுங்கள்: “என் கணக்கில் போதிய இருப்பு இருந்தது. மேண்டேட் வரம்பைத் தாண்டிய கோரிக்கையால் தவணை திரும்பியது. ஜூன், ஜூலை மாத DPD பதிவைத் திருத்த வேண்டும்.” புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்வு சொல்லாவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. மறுத்தாலும் காரணம் சொல்ல வேண்டும். தவணை தாமதமானது நிஜம் என்பதால் திருத்த முடியாது என்று வங்கி சொல்லக்கூடும். அதனால்தான் மேண்டேட் நகலும் இருப்புப் பக்கமும் அவசியம்.

30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். கடன் தந்தது வங்கியாக இல்லாமல் வீட்டு வசதி நிதி நிறுவனமாக இருந்தால், புகார் தேசிய வீட்டு வசதி வங்கிக்குப் போக வேண்டும். நஷ்டஈடும் கேட்பதென்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கெடு இரண்டு ஆண்டு.

ஆகஸ்ட் 5 நெருங்குகிறது. புதிய மேண்டேட் 45,000 வரம்போடு எழுதுங்கள். நெட் பேங்கிங், டெபிட் கார்டு, ஆதார் ஆகியவற்றில் ஒன்றின் வழியாகவே முடியும். நீங்கள் சொன்ன நாச்சை விட்டு யுபிஐ ஆட்டோபேவுக்கு மாற்ற யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதில் கடன் தவணை 15,000-ஐத் தாண்டினால் ஒவ்வொரு மாதமும் பின் போட வேண்டிவரும். புதியது பதிவாகி அதற்கான UMRN என்ற மேண்டேட் பதிவு எண் கைக்கு வரும்வரை பழையதை ரத்து செய்ய வேண்டாம், வந்ததும் ரத்து செய்ய எழுதிக் கொடுங்கள். அதற்குள் 5-ஆம் தேதி வந்துவிடும் போலத் தெரிந்தால், ஆகஸ்ட் 3 அன்றே 22,563-ஐ நீங்களே அனுப்பி, இந்த மாதம் டெபிட் கோரிக்கை அனுப்ப வேண்டாம் என்று கிளைக்கு எழுதுங்கள். சம்பளக் கணக்கில் இன்னொரு 22,563 இருக்கட்டும். புதிய மேண்டேட் இடையில் உயிர் பெற்று அவர்களும் எடுத்துவிட்டால், கூடுதலாகப் போனதைத் திரும்பக் கேட்கலாம், பவுன்ஸ் ஆகாது.