கடைசி பெஞ்சுக்கு எட்டாத சார்ட்

கேள்வி: இரண்டாம் வகுப்புக்காக ஆன்லைனில் 247 எழுத்து சார்ட் ஒன்றும், 1 முதல் 20 வரை உள்ள வாய்ப்பாடு சார்ட் ஒன்றும் வாங்கினேன். இரண்டும் 20 × 30 அங்குலம். கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். கடைசி பெஞ்ச் 18 அடி தூரம். அங்கே இருக்கும் பிள்ளைகள் எழுந்து வந்துதான் பார்க்கிறார்கள். திருப்பி அனுப்பலாமா? அடுத்தது என்ன அளவில் வாங்குவது? — ஓர் ஆசிரியை

பதில்: முதலில் ஒரு டேப்பை எடுத்து சார்ட்டை அளந்துவிடுங்கள். விற்பனைப் பக்கத்தில் போட்ட அளவைவிடச் சின்னதாக வந்திருந்தால், விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை என்று திருப்பலாம். 2020-ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளின்படி விற்பவர் மறுக்கக் கூடாது. மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். சரியாக 20 × 30 இருந்தால் அதைக் குறையுள்ள பொருள் என்று சொல்ல வழியில்லை. சார்ட்டின் அளவைச் சொன்னார்கள், எழுத்தின் அளவைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நாமும் கேட்பதில்லை.

கேட்க வேண்டியது அந்த எழுத்தின் அளவைத்தான். கண் பரிசோதனைக்குப் போனால் 6/6 என்கிறார்களே, அந்தப் பார்வை உள்ளவருக்கு 18 அடி தூரத்தில் பிடிபடும் மிகச் சின்ன எழுத்து சுமார் 8 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். அது முட்டி மோதிப் படிக்கும் அளவு. தெரிந்த எழுத்தை அடையாளம் காணப் போதும். எழுத்தையே இப்போதுதான் கற்கும் பிள்ளைக்குப் போதாது. அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 1 அங்குலம் இருந்தால் சிரமம் இல்லை. தமிழ் எழுத்துக்கு நான் ஒன்றரை அங்குலம் கேட்பேன். ண-வுக்கும் ன-வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். ன-வுக்கும் ன்-னுக்கும் ஒரு புள்ளி.

இப்போது உங்கள் 247 சார்ட்டைப் பாருங்கள். குறுக்கே 13 கட்டம், நெடுக்கே 19 வரிசை. 20 அங்குலம் என்றால் 50 சென்டிமீட்டர்; 13-ஆல் வகுத்தால் ஒரு கட்டம் 4 செ.மீ.கூட இல்லை. ஓரமும் கோடும் போக மூன்றரை. அதற்குள் ணொ உட்கார வேண்டும்: கொம்பு, ண, கால் என்று மூன்று உருவம் பக்கத்தில் பக்கத்தில். அது அடங்குகிற அளவுக்குத்தான் எழுத்தைப் போட முடியும். ஒரே சார்ட்டில் அ பெரிதாகவும் ணொ சின்னதாகவும் இருந்தால் அசிங்கமாக இருக்கும் என்று எல்லாவற்றையும் அதே அளவில் அச்சடித்துவிடுவார்கள். ஆகவே எழுத்தின் உயரம் 1 செ.மீ.யை ஒட்டித்தான் வரும். அதன் தலைமேல் உள்ள புள்ளி 2 மி.மீ. இருந்தால் அதிகம். கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் ன், ன இரண்டும் ஒன்றுதான்.

வாய்ப்பாடும் இப்படியே. 20 வாய்ப்பாட்டை ஐந்து ஐந்தாக நாலு அடுக்கு போட்டால், தலைப்புக்கு இடம் விட்டபின் ஓர் அடுக்குக்கு 17 செ.மீ. கிடைக்கும். அதற்குள் பத்து வரியும் ஒரு தலைப்பும். எண்ணின் உயரம் 9 மி.மீ. தேறலாம். 3, 8 குழப்பம் அங்கே வந்துவிடும்.

இதே 247 சார்ட்டை எழுத்து 1 அங்குலம் வருகிற மாதிரி பெரிதாக்கினால் 4 அடி அகலம், 6 அடிக்கு மேல் உயரம் ஆகும். சுவர் இருந்தால் செய்யலாம். ஆனால் 247 எழுத்தையும் தூரத்திலிருந்து ஒரே நேரத்தில் எந்தப் பிள்ளை படிக்கப்போகிறது? உயிர் 12-க்கு ஒன்று, மெய் 18-க்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்குங்கள். அதே 20 × 30-இல் 18 மெய்யையும் மூன்று பத்தி, ஆறு வரிசையாகப் போட்டால் ஒரு கட்டம் 16-க்கு 11 செ.மீ. கிடைக்கும்; எழுத்து 5 செ.மீ. தாராளமாக வரும். உயிரெழுத்தில் மட்டும் படம் போட்ட சார்ட்டைக் கவனித்து வாங்குங்கள். அணிலும் ஆடும் கட்டத்தை அடைத்துக்கொண்டு, அ-வை மூலையில் தள்ளியிருப்பார்கள். கையில் இருக்கும் 247 சார்ட் வீண் இல்லை. வகுப்பின் பக்கவாட்டுச் சுவரில், பிள்ளைகளின் முகத்துக்கு நேராக மாட்டிவிடுங்கள். கிட்டே நின்று விரல் வைத்துப் படிக்க அதுதான் சரி.

வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. விற்பனைப் பக்கத்தில் சார்ட் முழுவதும் தெரிகிற, தெளிவான படத்தைப் போனில் திறந்து, அதன் உயரத்தை ஸ்கேலால் அளங்கள். 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உண்மைச் சார்ட் 75 செ.மீ. 12-ஐ 75-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்கினால் 2.9 அடி. போனை மேசையில் நிமிர்த்தி வைத்து 3 அடி தள்ளி நின்று பாருங்கள். கடைசி பெஞ்சுப் பிள்ளைக்குச் சார்ட் என்ன அளவில் தெரியுமோ, அதே அளவில் உங்களுக்கும் தெரியும். கண்ணைச் சுருக்காமல் ண், ன் பிரிந்து தெரிந்தால் வாங்கலாம். படமே மங்கலாக இருந்தால் இந்தச் சோதனை செல்லாது.

வாய்ப்பாட்டுக்கு நான் கடைக்கே போகமாட்டேன். ஒரு சார்ட் பேப்பரில் ஒரே வாய்ப்பாடு, பத்து வரி, எண்ணின் உயரம் 4 செ.மீ.; ஏழாம் வாய்ப்பாடு முடிந்ததும் கழற்றிவிட்டு எட்டை மாட்டுங்கள். ஸ்கெட்ச் பேனாவால் மட்டும் எழுதாதீர்கள். எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கோடு மெல்லியதாக இருந்தால் தூரத்தில் கரைந்துபோகும். 4 செ.மீ. எண்ணுக்குக் கோடு 5 மி.மீ. தடிமன் வேண்டும். பட்டை முனை மார்க்கரில் அது கிடைக்கும். வெள்ளைத் தாளில் கறுப்பு அல்லது கருநீலம். மஞ்சளும் ஆரஞ்சும் கிட்டே அழகு, எட்டப் போனால் காணோம்.

ஃபிளெக்ஸ் அடிப்பதென்றால் எழுத்துக் கோப்பாகக் கொடுக்காமல் பி.டி.எஃப். ஆக்கிக் கொடுங்கள். நான் ஒருமுறை பட்டுவிட்டேன். கடைக் கணினியில் திறந்தபோது கெ-வின் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை, அப்படியே அச்சாகி வந்தது. அச்சுக்கு முன் திரையில் கெ, கே, கொ வரிசைகளை மட்டுமாவது ஓட்டிப் பாருங்கள்.

பளபளப்பான லேமினேஷன் சார்ட் நாள்பட உழைக்கும், ஆனால் ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் நடுவில் வெள்ளைத் திட்டு விழும். ஆணி அடிக்கும் முன் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, காலை ஒருமுறை, மதியம் ஒருமுறை கடைசி பெஞ்சின் இரண்டு முனைகளிலும் உட்கார்ந்து பாருங்கள். நின்று பார்த்தால் தெரியாது. முன்வரிசைத் தலைகள் மறைப்பதும் உட்கார்ந்தால்தான் புரியும்.

இதையெல்லாம் செய்தபின், பக்கத்தில் இருப்பவர்கள் படிக்கும் 1 அங்குல எழுத்தை, அந்த எழுத்தை நன்றாகத் தெரிந்த ஒரு பிள்ளையால் மட்டும் படிக்க முடியவில்லை என்றால் சார்ட்டைக் குறை சொல்லாதீர்கள். 18 அடியில் 1 அங்குலம் என்பது கண் ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏறக்குறைய 6/18 வரி, அதாவது 6/6 பார்வைக்குப் பிடிபடும் மிகச் சின்ன எழுத்தைப்போல் மூன்று மடங்கு. பெற்றோரைக் கூப்பிட்டுக் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கண்ணாடி வரும்வரை அந்தப் பிள்ளை முதல் பெஞ்சில் இருக்கட்டும்.