வேற வேலை எடுத்த பிறகு பழைய விண்ணப்பத்தை எப்பிடி மீளப் பெறுறது?

கேள்வி: யாழ்ப்பாணம் திருநெல்வேலியில ஒரு கம்பனியில கணக்கு உதவியாளர் வேலைக்கு ரெண்டாவது இன்டர்வியூவும் முடிஞ்சுது, இன்னும் பதில் வரேல்ல. இதுக்குள்ள கொழும்பில இன்னொரு கம்பனி லெட்டர் தந்து நானும் சைன் பண்ணிட்டன். இவையளுக்கு என்னெண்டு எழுதுறது? எழுதாம விட்டாலும் பிரச்சினையில்லையோ?

எழுதுங்கோ, ஏலுமெண்டா இண்டைக்கே. நான் யாழ்ப்பாணத்தில ஒரு ஒஃபிசில ஆள் எடுக்கிற பக்கம் வேலை செய்யிறன், அதால அந்தப் பக்கத்து மேசையில என்ன நடக்குமெண்டு சொல்லுறன். ரெண்டாவது இன்டர்வியூ முடிஞ்சா ஒராளை முதலாவதா குறிச்சு வைச்சிட்டு, அடுத்த ஆளுக்கு ஓமெண்டும் சொல்லாம இல்லையெண்டும் சொல்லாம வைச்சிருப்பம். அந்த முதலாவது ஆள் நீங்களா இருந்து பேசாம இருந்தீங்களெண்டா, நாங்கள் உங்கட சீவியில கடைசியா போட்டிருக்கிற ரெண்டு ரெஃபரிமாருக்கும் கோல் எடுத்து, சம்பளத்துக்கு மேலிடத்தில அப்ரூவல் வாங்கி, லெட்டரும் அடிச்ச பிறகுதான் நீங்கள் வரமாட்டீங்கள் எண்டே தெரியவரும், அந்த நேரம் பாத்தா மற்ற ஆளும் வேற இடத்தில சேந்திருப்பார்.

லெட்டர் வாறதுக்கு முதல் சொன்னா அது விண்ணப்பத்தை மீளப் பெறுறது. வந்த பிறகு சொன்னா அது ஒஃபரை மறுக்கிறது, அவையளுக்கு உள்ளுக்குள்ள எல்லா வேலையும் முடிஞ்ச பிறகு வாற பதில். நீங்கள் இப்ப நிக்கிறது முதலாவது இடத்தில, அதைப் பிந்தவிடாதேங்கோ.

ஆனா அனுப்ப முதல் கொழும்பு லெட்டரை ஒருக்கா வடிவா வாசியுங்கோ. சேர வேண்டிய திகதி, சம்பளம் ரெண்டும் எழுத்தில இருக்கோ, "மெடிக்கல் சரிவந்தால்", "ரெஃபரன்ஸ் சரிவந்தால்" எண்டு ஏதும் நிபந்தனை கிடக்கோ எண்டு பாருங்கோ. அப்பிடி இருந்தா அது முடியும்வரைக்கும் பொறுக்கிறதில பிழையில்லை. ஃபோனில "நீங்கள்தான் செலெக்ட்" எண்டு சொன்னதை மட்டும் நம்பி மற்ற இடத்தை விடுறவை பிறகு ரெண்டும் இல்லாம நிக்கிறதையும் கண்டிருக்கிறன்.

இனி மெயில். புதுசா ஒண்டு தொடங்க வேண்டாம், இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட மெயிலுக்கே ரிப்ளை போடுங்கோ, எந்தப் பதவி, எந்த ஆள் எண்டு தேடாம அதிலயே தெரியும். இவ்வளவும் காணும்:

அன்புடையீர்,
கணக்கு உதவியாளர் பதவிக்கான நேர்முகத் தேர்வுக்கு அழைத்தமைக்கு நன்றி. வேறொரு நிறுவனத்தில் வேலையை ஏற்றுக்கொண்டுள்ளதால் இப்பதவிக்கான எனது விண்ணப்பத்தை மீளப் பெற்றுக்கொள்கிறேன். நேர்முகக் குழுவினர் எனக்காக ஒதுக்கிய நேரத்துக்கு மீண்டும் நன்றி.
இப்படிக்கு,
(முழுப்பெயர், தொலைபேசி இலக்கம்)

இங்கிலீசில எழுதினாலும் இதே ஒழுங்குதான். ரெண்டாவது வசனம்தான் உயிர், அது நேரா இருக்கோணும். "இப்போதைக்கு யோசிக்கிறன்", "கொஞ்சம் கஷ்டமா இருக்கு" எண்டு இழுத்தா அவை உங்களை லிஸ்ட்டில விடுறதோ எடுக்கிறதோ எண்டு தெரியாம திரும்பக் கோல் எடுப்பினம். எந்தக் கம்பனி, எவ்வளவு சம்பளம் எண்டு எழுதத் தேவையில்லை, அம்மாவுக்குச் சுகமில்லை எண்டு பொய்க்காரணமும் வேண்டாம், யாழ்ப்பாணம் சின்ன ஊர், நாளைக்கே ஆரும் உங்களை கொழும்பு பஸ்ஸில கண்டு சொல்லிப்போடுவினம். மன்னிப்புக் கேட்டு நாலு பந்தி எழுதுறதும் வேண்டாம், வேற வேலை எடுத்தது குற்றமில்லைத்தானே.

அவை உங்களோட வட்ஸ்அப்பில கதைச்சவையெண்டா அதிலயும் "மெயில் ஒண்டு போட்டிருக்கிறன், பாருங்கோ" எண்டு ஒரு வரி போட்டுவிடுங்கோ, இங்க சில ஒஃபிசுகளில மெயிலைத் திறக்கிறதே கிழமைக்கு ஒருக்காத்தான். மெயிலைப் பாத்திட்டு கோல் எடுத்து "எவ்வளவு தந்தா வருவீங்கள்?" எண்டு கேக்கிறவையும் இருக்கினம். நீங்கள் சைன் வைச்சிட்டீங்கள், அதால "இல்லை சேர், அங்க ஓமெண்டு சொல்லிட்டன், கேட்டதுக்கு நன்றி" எண்டு சொல்லி முடியுங்கோ. தொகையைக் கேட்டுப் பாப்பம் எண்டு நிண்டா பிறகு கொழும்புக்காரருக்கும் ஒரு மெயில் எழுத வேண்டிவரும்.

இன்னொண்டு, இந்த இடத்துக்கு உங்களை ஆரும் தெரிஞ்ச அண்ணையோ சேரோ சொல்லிவிட்டிருந்தா, மெயில் போட முதலே அவருக்குக் கோல் எடுத்துச் சொல்லுங்கோ. கம்பனிக்காரர் அவரிட்டப் போய் "உங்கட ஆள் வரேல்லையாமே" எண்டு கேக்க, அவர் முழிச்சுக்கொண்டு நிண்டாரெண்டா அந்தக் கோபம் நெடுகலும் இருக்கும். ரெஃபரிமாருக்கும் ஒரு மெசேஜ் போட்டா காணும். சேர்டிஃபிக்கேட் ஒறிஜினல் ஏதும் அங்க குடுத்திருந்தா அதே மெயிலில கடைசி வரியா எப்ப வந்து எடுக்கலாம் எண்டு கேளுங்கோ, ஃபோட்டோகொப்பி மட்டுமெண்டா அதை விடுங்கோ.